கட்டியாச்சு, ஆனால் வரவில்லை: ஒரு விளையாட்டுச் சங்கத்தின் சந்தாப் பணமும் பொருளாளரின் கடிதமும்

ஒரு விளையாட்டுச் சங்கத்தின் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. சங்கத்தின் பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. உறுப்பினர்கள் 212 பேர். சந்தா ஆண்டுக்கு ஒருமுறை, வங்கிப் பரிமாற்றம் மூலம். பருவம் தொடங்கும் மாதத்தின் 3ஆம் தேதி பொருளாளர் புதுப்பித்தல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புவார், மாத முடிவுக்குள் எல்லோரும் கட்டிவிட வேண்டும். பல ஆண்டுகளாக இப்படியே சிக்கலில்லாமல் நடந்து வந்தது.

அந்த ஆண்டு 26ஆம் தேதி, பொருளாளர் தன் பட்டியலில் 61 பேர் இன்னும் கட்டவில்லை என்று பார்த்து, அவர்களுக்கென ஒரு நினைவூட்டலை உறுப்பினர்களின் கைபேசிக் குழுவில் போட்டார். வந்த பதில்கள் அவரைத் தூக்கிவாரிப் போட்டன. 31 பேர் ‘கட்டியாச்சே’ என்றார்கள். சிலர் ரசீதின் படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். ஒருவருக்குக் கோபம்: “ரெண்டு வாரம் ஆச்சு, இப்ப வந்து கேட்கறீங்க!”

இந்த மாதிரி நேரத்தில் பொருளாளர்கள் வழக்கமாகச் செய்வது வங்கியைத் திட்டுவது. பணம் ‘நடுவழியில் நிற்கிறது’ என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். உண்மையில் பணம் நடுவழியில் இரண்டு வாரம் நிற்பது அரிது. கட்டிய பணம் கணக்கில் தெரியாமல் போக நாலைந்து காரணங்கள்தான் உண்டு, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தடயத்தை விட்டுச் செல்லும். வங்கித் தாமதம் என்றால் ஓரிரு வேலை நாளில் எல்லாமே வந்து சேரும். பணம் வந்து பெயர் மட்டும் இல்லாமல் இருந்தால், கணக்கில் உள்ள தொகை பட்டியலைவிடக் கூடுதலாக இருக்கும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறு என்றால், பெரும்பாலும் அப்படி ஒரு கணக்கே இருக்காது, பணம் கட்டியவருக்கே திரும்பிவிடும். கட்டணம் வசூலிக்கும் சேவை ஏதாவது நடுவில் இருந்தால், பல பேரின் பணம் ஒரே தொகையாக, சேவைக் கட்டணம் கழித்து வரும். ஆனால் பணம் கட்டியவரிடமிருந்து போயிருக்கிறது, திரும்பவில்லை, நம்மிடமும் வரவில்லை என்றால், அது வேறு யாருடைய கணக்கிலோ, உண்மையில் இருக்கும் ஒரு கணக்கில், சேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

பொருளாளரும் நானும் உட்கார்ந்து 31 ரசீதுகளையும் தேதி வாரியாக அடுக்கினோம். முதலில் எளிதானவை விழுந்தன. வங்கி அறிக்கையில் 155 வரவுகள் இருந்தன, பட்டியலில் டிக் போட்டவர்கள் 151 பேர். மீதி நாலு வரவும் பெயர் சரியாக எழுதாதவை. இளையோர் அணியில் இது எப்போதும் நடக்கும்: பணம் கட்டுவது அப்பா, குறிப்பில் அப்பாவின் பெயர், பட்டியலில் பையனின் பெயர். இன்னொருவருக்கு எண் தப்பி, பணம் திரும்பி வந்திருந்தது, அவர் கவனிக்கவில்லை. மிச்சம் 26 பேர்.

அந்த 26 ரசீதிலும் பெறுபவர் பெயர் சங்கத்தின் பெயர்தான். அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பெறுபவர் பெயர் என்பது கட்டுபவர் தட்டச்சு செய்வது. பல பரிமாற்ற முறைகளில் பணம் போவது எண்ணைப் பார்த்து மட்டும்தான், பெயர் வெறும் குறிப்பு. கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்தோம். 26லும் ஒரே எண், அது எங்களுடையது இல்லை.

தேதிகளும் ஒரு கதை சொன்னன. 10ஆம் தேதி வரை கட்டிய 109 பேரின் பணமும் சரியாக வந்திருந்தது. 26 பேரும் 11ஆம் தேதிக்குப் பின் கட்டியவர்கள். அதே நாட்களில் இன்னும் 46 பேர் கட்டி, அவர்கள் பணம் மட்டும் ஒழுங்காக வந்திருந்தது. இந்த 46தான் எனக்கு உறுத்தியது. கோளாறு எங்கள் கணக்கில் என்றால் அவர்களுடையதும் நின்றிருக்க வேண்டும். சிலரைக் கூப்பிட்டுக் கேட்டோம். சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில்: “போன வருஷம் சேமித்து வைத்த பெயரையே அழுத்தினேன், கடிதத்தை யார் முழுசா படிச்சா?” அதாவது கடிதத்தைப் படித்தவர்கள் ஏமாந்திருந்தார்கள், படிக்காதவர்கள் தப்பித்திருந்தார்கள். அப்படியென்றால் ஏதோ ஒரு கடிதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

அதை வெளிக்கொண்டு வந்தது ஒரு மூத்த உறுப்பினரின் தொலைபேசி. “தம்பி, கணக்கு எண் மாறிப் போச்சுன்னு நீங்க 11ஆம் தேதி எழுதினீங்களே, அந்தக் கணக்குலதான் கட்டினேன். இப்ப கட்டலைன்னா எப்படி?” பொருளாளர் அப்படி எதுவும் எழுதவில்லை. பெரியவரிடம் அந்த அஞ்சலை அனுப்பச் சொன்னோம். பொருளாளரின் பெயர், சங்கத்தின் முகவரி, அவர் எப்போதும் எழுதும் வணக்கம், கீழே அதே கையொப்பம். உண்மையான புதுப்பித்தல் கடிதத்தின் தொடர்ச்சியாகவே அது அனுப்பப்பட்டிருந்தது, கீழே பழைய கடிதம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. செய்தி இதுதான்: தற்போதைய கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த ஆண்டுச் சந்தாவைக் கீழுள்ள கணக்கில் செலுத்தவும். அதன் பின் ஒரு வரி: “பெயர் பொருந்தவில்லை என்று உங்கள் வங்கிச் செயலி காட்டினால் பொருட்படுத்த வேண்டாம், புதிய கணக்கு என்பதால் பெயர் இன்னும் பதிவாகவில்லை.”

இந்த வரியை எழுதியவருக்கு வேலை தெரியும். பெறுபவரின் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று வங்கியே சரிபார்த்துச் சொல்லும் வசதி பிரிட்டனின் பெரிய வங்கிகளில் 2020இல் வந்தது, ஐரோப்பிய யூரோ நாடுகளின் வங்கிகளுக்கு 2025 அக்டோபரில் கட்டாயமானது. இந்த மோசடிக்கு நேர் எதிரான தடுப்பு அதுதான். ஆனால் எச்சரிக்கை வரும் முன்பே ‘வரும், கண்டுகொள்ளாதீர்கள்’ என்று சொல்லிவைத்துவிட்டால், எச்சரிக்கை வந்ததே கடிதம் உண்மை என்பதற்குச் சாட்சி போல ஆகிவிடுகிறது. 26 பேரில் சிலர் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் ‘தொடர்க’ பொத்தானை அழுத்தியிருந்தார்கள்.

இரண்டு பேர் சந்தேகப்பட்டு, ‘உண்மையிலேயே நீங்கள்தானா?’ என்று அதே அஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேட்டிருந்தார்கள். ‘ஆம், நான்தான்’ என்று பதிலும் வந்திருந்தது. பொருளாளருக்கு அந்தக் கேள்விகள் கண்ணிலேயே படவில்லை. அஞ்சல் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது காரணம் கிடைத்தது: யாரோ ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். ‘கணக்கு’, ‘வங்கி’, ‘சந்தா’ என்ற சொற்கள் உள்ள எந்த அஞ்சல் வந்தாலும், படித்ததாகக் குறித்து RSS Feeds என்ற கோப்புறைக்குத் தள்ளிவிடு. அந்தக் கோப்புறை பல அஞ்சல் பெட்டிகளில் தானாகவே இருக்கும், யாரும் திறப்பதில்லை. இவ்வகைத் திருட்டில் அது பழகிப்போன ஒளிவிடம். நடந்தது போலி முகவரியிலிருந்து வந்த மோசடி அல்ல, பெட்டிக்குள்ளேயே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பொருளாளர்கள் மாறினாலும் மாறாத பழைய கடவுச்சொல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. எந்த வழியாக நுழைந்தார் என்று தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

பெட்டியைக் கைப்பற்றும் வேலையில் வரிசை முக்கியம். எல்லோரும் முதலில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மூச்சு விடுகிறார்கள். பல சேவைகளில், அதனால் எழுதிவைத்த விதியோ வெளி முகவரிக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடோ அழியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் உள்நுழைவும் சில நேரம் அப்படியே தொடரும். அதனால் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, விதிகளையும் முன்னனுப்புதலையும் இணைக்கப்பட்ட செயலிகளையும் நீக்கி, மீட்பு எண் யாருடையது என்று பார்த்து, கடவுச்சொல்லை மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டோம். நீக்கும் முன் ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து வைத்தோம். காவல்துறையும் வங்கியும் பின்னால் கேட்டது அந்தப் படங்களைத்தான்.

இனி உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இந்தக் கட்டம்.

பொருளாளர் அன்றிரவே ஒரு வரைவு எழுதினார். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சிலரது சந்தா சங்கக் கணக்கை வந்தடையவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம், கீழ்க்கண்டவர்கள் கீழ்க்கண்ட கணக்கில் மீண்டும் செலுத்தவும் என்று போனது. பிறகு 26 பெயர்கள், அப்புறம் கணக்கு எண். அதைப் படித்த சங்கத் தலைவர் கேட்டார்: “இதையும் 11ஆம் தேதி வந்த கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது திருடன் எழுதியது என்று எப்படிச் சொல்வீர்கள்?”

சரியான கேள்வி. நேர்மையான கடிதமும் மோசடிக் கடிதமும் ஒரே உருவத்தில் இருந்தன: பணத்தில் சிக்கல், அவசரம், இதோ ஒரு எண். ‘கோளாறு’ என்ற சொல் இன்னொரு கேடும் செய்யும். கோளாறு என்றால் உறுப்பினர் காத்திருப்பார், தானாகச் சரியாகும் என்று நினைப்பார். மோசடி என்று தெரிந்தால்தான் அன்றே தன் வங்கியைக் கூப்பிடுவார். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை கட்டியவருக்குத்தான் உண்டு. சங்கம் அந்தப் பரிமாற்றத்தில் ஒரு தரப்பே இல்லை என்பதால் சங்கத்தின் வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது. உறுப்பினரின் வங்கி, பணம் போன வங்கிக்குத் தகவல் கொடுத்து, அங்கே மிச்சம் ஏதாவது இருந்தால் முடக்கச் சொல்ல வேண்டும். திருட்டுக் கணக்குகளில் பணம் தங்குவது பெரும்பாலும் மணிக்கணக்கில்தான், நாள்கணக்கில் இல்லை. அதனால் மழுப்பலாக எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் உறுப்பினர்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். பெயர்ப் பட்டியலும் கூடாது. ஏமாந்தவர்கள் யார் யார் என்று 212 பேருக்கும் சொல்வது அவமானம் மட்டுமல்ல, அடுத்த திருடனுக்குத் தயாரான பட்டியல்.

மறுநாள் காலை போன கடிதம் இது:

“அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

இந்த மாதம் 11ஆம் தேதி, என் பெயரில், சங்கத்தின் அஞ்சல் முகவரியிலிருந்தே, சந்தாவைப் புதிய கணக்கில் செலுத்தச் சொல்லி ஓர் அஞ்சல் வந்திருக்கிறது. அதை நான் எழுதவில்லை. சங்கத்தின் அஞ்சல் பெட்டிக்குள் அந்நியர் ஒருவர் நுழைந்து எழுதியிருக்கிறார். சங்கத்தின் கணக்கு எண் மாறவில்லை.

11ஆம் தேதிக்குப் பிறகு சந்தா செலுத்தியிருந்தால், உங்கள் ரசீதில் உள்ள கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 7716 என்றிருந்தால் அந்தப் பணம் மோசடிக் கணக்குக்குப் போயிருக்கிறது. இன்றே, இதைப் படித்தவுடன், உங்கள் வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து, ‘மோசடி அஞ்சலை நம்பி நானே அனுப்பிய பணம், திரும்பப் பெற வேண்டும்’ என்று சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பிறகு காவல்துறையிலும் புகார் கொடுங்கள்.

மீண்டும் சந்தா செலுத்த வேண்டாம். உங்கள் உறுப்பினர் நிலை எதுவும் மாறாது, விளையாட வரலாம். சந்தாவை என்ன செய்வது என்பதை நிர்வாகக் குழு முடிவு செய்து நேரில் சொல்லும்.

இந்தக் கடிதத்தில் கணக்கு எண் எதுவும் இல்லை, வேண்டுமென்றேதான். இனிச் சங்கத்திலிருந்து வரும் எந்த அஞ்சலிலும் கணக்கு எண் இருக்காது. ரசீதைத் தவிர வேறு எதையும் உங்களிடம் கேட்க மாட்டோம். ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்’ என்று யார் அழைத்தாலும் அதுவும் மோசடி.

இந்தக் கடிதம் உண்மையா என்று சந்தேகம் இருந்தால், இதற்குப் பதில் எழுதிக் கேட்காதீர்கள். உங்கள் அணித் தலைவரை, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழையுங்கள்.”

கடைசிப் பத்தியைச் சேர்த்தது அந்த இரண்டு பேருக்குக் கிடைத்த ‘ஆம், நான்தான்’ என்ற பதிலால். கடிதம் அஞ்சலில் மட்டும் போகவில்லை. அணித் தலைவர்கள் தங்கள் அணியினரை ஒவ்வொருவராக அழைத்தார்கள், மைதானத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். 26 பேரைத் தலைவரும் பொருளாளரும் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் பேசினார்கள். மீட்டுத் தருவதாகச் சொல்பவர்களைப் பற்றிய எச்சரிக்கை மிகையோ என்று குழுவில் ஒருவர் கேட்டார். அடுத்த வாரமே ஓர் உறுப்பினருக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது.

முணுமுணுப்பும் இருந்தது. பணம் காணோம் என்றால் சந்தேகம் முதலில் பொருளாளர் பக்கம்தான் திரும்பும், நேராகச் சொல்லாவிட்டாலும் பார்வையில் தெரியும். அதனால் அன்றிலிருந்து விசாரணையின் எந்தப் பகுதியையும் அவர் தனியாகச் செய்யாமல் பார்த்துக்கொண்டோம். வங்கி அறிக்கையை வங்கியிலிருந்து நேரடியாகத் தலைவர் வாங்கி என்னிடம் கொடுத்தார், ரசீதுகள் எனக்கே வந்தன, ஒப்பீட்டில் மூன்று பேர் கையெழுத்திட்டோம். பொருளாளரைக் காப்பாற்றும் ஏற்பாடு அதுதான். ‘எங்களுக்கு அவர்மேல் முழு நம்பிக்கை’ என்று அறிக்கை விட்டிருந்தால் முணுமுணுப்பு இன்னும் கூடியிருக்கும்.

அடுத்து, விளையாட்டுச் சங்கங்களுக்கே உரிய ஒரு நெருக்கடி. சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை மேலமைப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டிப் பதிவு செய்கிறது. காயம் பட்டால் கிடைக்கும் காப்பீடு அந்தப் பதிவோடு ஒட்டியது. சந்தா வராதவரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டால், அவர் ஆடலாம், ஆனால் காலை உடைத்துக்கொண்டால் காப்பீடு இல்லை. பதிவின் கடைசி நாள் மாத முடிவு. மோசடி விசாரணை அதற்குள் முடியாது. குழு அன்றே கூடி, சேமநிதியிலிருந்து எடுத்து 26 பேரையும் பதிவு செய்தது. யார் தலையில் நஷ்டம் என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், காப்பீடு காத்திருக்காது.

அந்த வாதம் அடுத்த பொதுக்குழுவில் வந்தது, காரசாரமாகவே. திருடனுக்குக் கட்டியது சங்கத்துக்குக் கட்டியதாகாது, சந்தா இன்னும் பாக்கிதான் என்றார் ஒருவர். பொதுவான நியாயம் அது. ஆனால் அஞ்சல் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். சங்கத்தின் பெயரைப் போல ஒரு முகவரியை உருவாக்கி யாரோ ஏமாற்றியிருந்தால் பழி உறுப்பினரின் கவனக்குறைவில் பாதியாவது விழும். இங்கே கடிதம் சங்கத்தின் சொந்தப் பெட்டியிலிருந்து போனது, அந்தப் பெட்டியைப் பூட்டாமல் வைத்தது சங்கம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், நாங்கள் வழக்குக்கே போகவில்லை. வாக்கெடுப்பில் முடிவானது: 26 பேரும் இந்த ஆண்டுச் சந்தா கட்டியவர்களாகவே கருதப்படுவர், யாருக்காவது வங்கியிலிருந்து பணம் திரும்பினால் அதைச் சங்கத்தில் கட்டிவிட வேண்டும்.

கணக்கில் இதை எப்படி எழுதுவது என்பதில் எனக்கும் பொருளாளருக்கும் சின்னத் தகராறு. அவர் ‘வராக்கடன்’ என்று எழுதப் பார்த்தார். நான் மறுத்தேன். வராக்கடன் என்றால் கட்ட வேண்டியவர் கட்டவில்லை என்று பொருள், ஐந்து ஆண்டு கழித்துப் பதிவேட்டைப் புரட்டுபவர் 26 பேரையும் ஏமாற்றுக்காரர்களாக நினைப்பார். சந்தா வருமானம் முழுதாகக் காட்டப்பட்டு, செலவுப் பக்கத்தில் ‘அஞ்சல் மோசடி இழப்பு’ என்று தனி வரியாகப் போனது, கீழே குழுத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும்.

பணம் என்ன ஆயிற்று? 24ஆம் தேதிக்குப் பிறகு கட்டிய ஐந்து பேரின் பணம் திருட்டுக் கணக்கிலேயே சிக்கியிருந்தது, வங்கி முடக்கித் திருப்பிவிட்டது. எட்டுப் பேருக்கு அவர்களுடைய வங்கியே ஈடு கொடுத்தது. இதில் வங்கிக்கு வங்கி, நாட்டுக்கு நாடு வித்தியாசம் பெரிது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் இவ்வகை ஏமாற்றுக்குப் பெரும்பாலான நேரங்களில் வங்கிகள் ஈடு தர வேண்டும் என்று விதியே உண்டு, பல நாடுகளில் ‘நீங்களே அனுப்பியது’ என்ற ஒற்றைப் பதிலோடு முடிந்துவிடும். எச்சரிக்கையைத் தாண்டி அழுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பதில்தான் வந்தது. 13 பேரின் சந்தா சங்கத்தின் நஷ்டமாக நின்றது. கணக்கின் உரிமையாளர் யார் என்று வங்கி சொல்லவில்லை. இப்படிப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் தரகுக்கு வாடகைக்கு விடப்பட்டவை, அவரைப் பிடித்தாலும் கடிதம் எழுதியவர் அவராக இருக்க மாட்டார்.

சங்கம் இப்போது இரண்டு விஷயங்களை மாற்றியிருக்கிறது. புதுப்பித்தல் கடிதத்தில் எண் கிடையாது, ‘சென்ற ஆண்டு சேமித்த பெயருக்கே செலுத்தவும்’ என்றுதான் இருக்கும். புதிய உறுப்பினருக்கு எண் அச்சிட்ட அட்டை சேர்க்கையின்போது கையில் கொடுக்கப்படுகிறது. கணக்கு உண்மையிலேயே மாற வேண்டி வந்தால், பொதுக்குழுக் கூட்டத்தில் அறிவித்துத்தான் மாற்றுவது. அப்புறம், பொருளாளர் மாத முடிவு வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை வரவைப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். அன்று அப்படிப் பார்த்திருந்தாலும் முதல் வாரத்தில் ஒன்றும் பிடிபட்டிருக்காது, கட்டாதவர்கள் எப்போதும் நிறையப் பேர்தான் என்று அவர் சொல்வார். அதனால் கட்டியவர்களுக்கு இரண்டு நாளில் ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு வரி அனுப்பும் பழக்கமும் சேர்ந்திருக்கிறது, வராவிட்டால் உறுப்பினரே கேட்டுவிடுகிறார்.